எனக்கு இட்லி ஆகவில்லை, மாமியாருக்குத் தயிர் ஆகவில்லை

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி: "காலை எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டால் பதினொரு மணிக்கெல்லாம் எனக்கு வயிறு ஊதிவிடுகிறது. ராத்திரி தயிர் சாதம் சாப்பிட்டால் ஒன்றும் செய்வதில்லை. என் மாமியாருக்கு நேர் எதிர். நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார், தயிர் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வயிறு கடமுடா என்கிறது என்பார். இரண்டும் புளித்த பண்டம்தானே, ஏன் இப்படி? ஊறுகாயையும் விட்டுவிட வேண்டுமா?"

நேரத்தைக் குறித்து எழுதினீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்தது. முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். மாவு பொங்கும்போது வரும் காற்று வயிற்றுக்குள் போவதில்லை. அது ஆவியில் வேகும்போதே வெளியேறிவிடும், இட்லியில் மிஞ்சுவது அது இருந்த ஓட்டைகள்தான். மாவைப் புளிக்க வைத்த நுண்ணுயிர்களும் அந்தச் சூட்டில் செத்துவிடும். வயிற்றை ஊத வைப்பது புளிப்பு அல்ல. புளித்த பிறகும் அந்த நுண்ணுயிர்கள் தின்னாமல் மிஞ்சிய சர்க்கரைதான். உளுந்தில் மிஞ்சுவது ஒன்று, பாலில் மிஞ்சுவது வேறொன்று. உங்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை.

உளுந்து, துவரை, கடலை எல்லாவற்றிலும் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது, உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அதனால் அவை சிறுகுடலைத் தாண்டி அப்படியே பெருங்குடலுக்குப் போகும். அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று காற்றை விடும். சாப்பாடு அங்கே போய்ச் சேர மூன்று நான்கு மணி நேரம் போல ஆகும். எட்டு மணி இட்லிக்குப் பதினொரு மணி உப்புசம் என்பது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. (இட்லி தின்ற அரை மணியில் ஊதினால், நான் முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் கேட்பேன். காலையில் வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும், ராத்திரிச் சுண்டலின் காற்று அப்போதுதான் தெரியும்.)

ஆனால் இட்லியையே குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். நாலுக்கு ஒன்று என்று அரைக்கும் மாவில் நாலு இட்லிக்கு வரும் உளுந்து ஒரு கைப்பிடிக்கும் குறைவு. அதிலும் ஊறவைத்த தண்ணீரோடு கொஞ்சம் சர்க்கரை போய்விடும், புளிக்கும்போது இன்னும் கொஞ்சம் கரையும். கூடவே தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

பாபநாசம் பக்கத்து ஆசிரியர் ஒருவர் இதே புகாரோடு என்னிடம் வந்தார். இட்லியை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது, ஆள் ரொட்டிக்கு மாறியிருந்தார். மூன்று காலை மட்டும் ஒரு சோதனை செய்யச் சொன்னேன். முதல் நாள் நாலு இட்லி, பூண்டு சேர்க்காத மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய், வேறொன்றும் கிடையாது. அடுத்த முறை அதே நாலு இட்லியோடு வழக்கமான சின்ன வெங்காயச் சாம்பார். மூன்றாவது முறை மெதுவடை இரண்டு, கெட்டிச் சட்னியோடு. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி, முந்தின ராத்திரி வெறும் ரசம் சாதம். பொடியோடு தின்ற நாளில் ஒன்றுமில்லை. சாம்பார் நாளில் மதியத்துக்குள் பெல்ட்டைத் தளர்த்த வேண்டியதாகிவிட்டது. வடையில் லேசாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

வடை எதற்கென்றால், அது புளிக்காத பண்டம், முழுக்க உளுந்து. அதில் பெரிதாக ஊதி இட்லியில் லேசாக ஊதினால் உளுந்துதான் காரணம், புளிப்பு உங்களுக்கு உதவிதான் செய்கிறது என்று அர்த்தம். அவருக்கோ வடை பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மாட்டியது சாம்பாரில் கிடந்த துவரம்பருப்பும் வெங்காயமும். வெங்காயத்தில், பூண்டிலும்தான், ஃபிரக்டான் என்ற இன்னொரு செரியாத சர்க்கரை உண்டு. அது தண்ணீரில் கரையும். அதனால் வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுச் சாம்பாரை மட்டும் ஊற்றிக்கொண்டால் பயனில்லை. எண்ணெயில் கரையாது. ஆகவே பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் மட்டும் வரும்.

உங்களுக்குப் பொடி இட்லியே ஊதினால் மாவைப் பாருங்கள். உளுந்தை நாலு மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அரையுங்கள். "சத்து போயிடுமே" என்று ஊறின தண்ணீரிலேயே அரைக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. போவது முக்கியமாக உங்களை ஊத வைக்கும் சர்க்கரைதான். அப்புறம், அரைத்த கையோடு மாவை ஃபிரிட்ஜில் தள்ளாதீர்கள். நம் சித்திரை வெயிலில் ஆறு மணி நேரத்தில் பொங்கிவிடும், மார்கழியில் ராத்திரி முழுக்கப் போதாமல் போகலாம். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவு ஒன்றரை மடங்காவது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மாவுக் கடையில் வாங்கியது சில்லென்று, எழும்பாமல் இருந்தால் அது இன்னும் புளிக்காத உளுந்து மாவுதான்.

மாமியார் விஷயம் வேறு. ஒரு மணி நேரத்தில் கடமுடா என்றால் பால் சர்க்கரையான லாக்டோஸ் மீது சந்தேகம். வயது ஏறும்போது அதை உடைக்கும் லாக்டேஸ் நொதி நம் ஊர்க்காரர்கள் பலருக்குக் குறைந்துபோகும். தயிர் தோயும்போது பாலில் உள்ள லாக்டோஸில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் கரைகிறது, மீதி தயிரிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. காரணம், தயிர் நுண்ணுயிரின் உடம்புக்குள்ளேயே அந்த நொதி இருக்கிறது. உயிரோடு சிறுகுடலுக்குப் போனால் நமக்குப் பதிலாக அதுவே லாக்டோஸை உடைக்கும். உங்களுக்குத் தயிர் சாதம் ஆவது இதனால் இருக்கலாம். சோறும் எளிதில் செரிப்பது, காற்று குறைவு.

அவர் எந்தத் தயிரைச் சாப்பிடுகிறார்? பெரியவர்கள் புளிக்காத தயிர்தான் கேட்பார்கள், சாயங்காலம் உறைகுத்தி ராத்திரியே இலையில் விழும். அதில் சர்க்கரை அதிகம் மிஞ்சியிருக்கும், உயிர்களும் குறைவு. காலையில் தோய்த்ததை ராத்திரி கொடுத்துப் பாருங்கள். மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள், லாக்டோஸில் ஒரு பங்கு அதோடு போகும். அளவு அரை கரண்டியில் தொடங்கட்டும். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்ட நீர்மோர் இன்னும் எளிது.

மோர்க்குழம்பு இந்தக் கணக்கில் சேராது. சூட்டில் நுண்ணுயிரும் நொதியும் போய்விடும், லாக்டோஸ் மட்டும் இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம் துவரம்பருப்பு, கடலைப்பருப்பு ஊறவைத்து அரைத்தும் விடுவோம். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் படுத்தக்கூடிய குழம்பு அது.

ஊறுகாயை விட வேண்டியதில்லை. நாம் போடும் மாங்காய், எலுமிச்சை எல்லாம் பெரும்பாலும் உப்பிலும் எண்ணெயிலும் நிற்பவை, அவ்வளவு உப்பில் பெரிதாக ஒன்றும் புளிப்பதில்லை. ஒரு துண்டு தின்றால் எரிச்சல் வரலாம், ஊதாது. பூண்டு ஊறுகாய் மட்டும் விதிவிலக்கு.

ஒன்று கேட்க மறந்தேன். மாமியாருக்குச் சர்க்கரை நோய் உண்டா? மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மாத்திரைகள் தாமே வயிற்றை ஊத வைக்கும். வோக்லிபோஸ் சோற்று மாவுச்சத்தையே முழுதாகச் செரிக்க விடாது. அவருக்கு அதை ராத்திரிச் சாப்பாட்டோடு மட்டும் கொடுத்திருந்தால் பழி தயிர் மேல் விழுந்திருக்கலாம். ஒரு ராத்திரி தயிர் இல்லாமல் ரசம் சாதம் கொடுங்கள். அப்போதும் கடமுடா என்றால் மாத்திரைச் சீட்டோடு மருத்துவரிடம் போங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். உடம்பு இளைப்பது, மலத்தில் ரத்தம், தூக்கத்தில் எழுப்பும் வலி இவற்றில் ஏதாவது இருந்தால் இந்தச் சோதனைகளில் நாளைக் கடத்தாமல் நேரே மருத்துவரைப் பாருங்கள்.