பில்லில் ‘சேமிப்பு 60’: உண்மையில் லாபம் எவ்வளவு?

கேள்வி: நோட்டுக்கும் பேனாவுக்கும் சேர்த்து மாதம் 120 ஒதுக்குவேன். நோட்டு 10, பேனா 5. வழக்கமாக 6 நோட்டும் 12 பேனாவும் வாங்குவேன். இந்த மாதம் நோட்டு பாதி விலை என்பதால் 12 நோட்டு, 12 பேனா வாங்கினேன். பில்லில் ‘நீங்கள் சேமித்தது 60’ என்று அடித்திருக்கிறது. ஆனால் 120-உம் செலவாகிவிட்டதே! இதுதான் நுகர்வோர் உபரியா?

பதில்: இல்லை. ஒரு பொருளுக்கு நீங்கள் அதிகபட்சம் தரத் தயாராக இருக்கும் விலைக்கும் உண்மையில் தந்த விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் நுகர்வோர் உபரி. அப்படிப் பார்த்தால் உங்கள் லாபம் 60-க்கு நன்றாகவே குறைவு. 12 நோட்டு, ஒவ்வொன்றிலும் 5 குறைவு, ஆக 60 என்று கடை பெருக்கிவிட்டது. பழைய விலையிலும் நீங்கள் 12 நோட்டு வாங்கியிருப்பீர்கள் என்றால்தான் அது சரி. அப்படி வாங்கியிருந்தால் 120-உம் நோட்டிலேயே தீர்ந்து, ஒரு பேனாகூட வாங்கியிருக்க முடியாது.

நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய விலையிலும் நோட்டுக்கு 60 செலவழித்தீர்கள், பாதி விலையிலும் அதே 60. இடைப்பட்ட விலைகளிலும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்வோம். முதல் 6 நோட்டுகளை எப்படியும் வாங்கியிருப்பீர்கள், அவற்றில் தலா 5 வீதம் 30 முழு லாபம். ஆனால் எட்டாவது நோட்டை, விலை 7.50-க்கு இறங்கினால்தான் எடுத்திருப்பீர்கள். அதன் மதிப்பு உங்களுக்கு அவ்வளவுதான். அதை 5-க்கு வாங்கியதில் லாபம் 2.50. பத்தாவதில் லாபம் 1. பன்னிரண்டாவதோ 5 பெறும் பொருள், 5-க்கே வாங்கினீர்கள்; அதில் லாபமே இல்லை. இப்படிக் கூட்டினால் சுமார் 39 வரும். நோட்டு நோட்டாக எண்ணாமல், எந்த விலையில் எத்தனை நோட்டு வாங்குவீர்கள் என்று காட்டும் தேவைக் கோட்டுக்குக் கீழே, 10 விலைக்கும் 5 விலைக்கும் இடையில் உள்ள பரப்பாக அளந்தால் சுமார் 42. விலை இறங்கியதால் உங்கள் நுகர்வோர் உபரி கூடியது அவ்வளவுதான்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நோட்டு மலிந்ததும் உங்கள் 120-க்கே வாங்கும் சக்தி கூடிவிட்டது. அதையும் பிடிக்க வேண்டுமானால் சமநோக்கு வளைகோட்டுக்குப் போக வேண்டும். உங்களுக்கு ஒரே அளவு திருப்தி தரும் நோட்டு-பேனா சேர்க்கைகளை எல்லாம் இணைக்கும் கோடு அது. உங்கள் இரண்டு பில்லுக்கும் பொருந்துகிற எளிய விதி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: நோட்டு எண்ணிக்கையையும் பேனா எண்ணிக்கையையும் பெருக்கினால் ஒரே எண் வரும் சேர்க்கைகள் உங்களுக்குச் சமம். வழக்கமான 6 நோட்டு, 12 பேனாவுக்கு 72 வருகிறது. 4 நோட்டு, 18 பேனாவும் அதே கோட்டில்தான், 8 நோட்டு, 9 பேனாவும் அதே கோட்டில்தான். பழைய விலையில் முதலாவதற்கு 130 ஆகும், இரண்டாவதற்கு 125. கையில் இருப்பதோ 120. அந்தத் திருப்தியை மிகக் குறைந்த செலவில் தந்தது நீங்கள் எடுத்த சேர்க்கைதான். 120-க்கு வாங்க முடிந்தவற்றின் கோடு, அதாவது விலைக்கோடு, வளைகோட்டைத் தொடும் புள்ளி அது.

சரி, பாதி விலையில் அதே பழைய திருப்தி போதும் என்றால்? 8 நோட்டு, 9 பேனா, 85-தான் ஆகும். அதாவது உங்களிடமிருந்து 35-ஐ எடுத்துக்கொண்டாலும் முன்பிருந்த நிலைக்குக் கீழே போக மாட்டீர்கள். ஜான் ஹிக்ஸ் என்ற பொருளியலாளர் வளர்த்தெடுத்த அளவு இது.

கேள்வியைத் திருப்பியும் போடலாம். சலுகையே இல்லாமல், இன்றைய திருப்தியை எட்ட எவ்வளவு கூடுதல் பணம் வேண்டும்? இன்றைய பெருக்கல் 144. பழைய விலையில் அதைத் தருவது 8 நோட்டு, 18 பேனா, செலவு 170. ஆக 50 கூடுதலாகத் தந்திருந்தால் போதும். கடை 60-ஐ விட்டுக்கொடுத்தது, உங்களுக்கு அது 50-க்குச் சமமாகத்தான் வந்து சேர்ந்தது. அந்த 60-ஐப் பணமாகவே தந்திருந்தால் 180-க்கு 9 நோட்டு, 18 பேனா வாங்கியிருப்பீர்கள், பெருக்கல் 162. அதனால்தான் ஒரு பொருளுக்கு மட்டும் தள்ளுபடியா, அதே தொகை ரொக்கமாகவா என்று தேர்வு வந்தால் ரொக்கம் என்பேன். தள்ளுபடி உங்களை நோட்டின் பக்கம் இழுக்கிறது, ரொக்கம் உங்கள் விருப்பப்படி பிரித்துக்கொள்ள விடுகிறது.

35, 42, 50 மூன்றும் இவ்வளவு தள்ளித் தள்ளி நிற்பதற்குக் காரணம், உங்கள் பணத்தில் பாதியை நோட்டு எடுத்துக்கொள்வதும் விலை ஒரேயடியாகப் பாதியானதும்தான். செலவில் நூற்றில் ஒரு பங்குகூட வராத அழிப்பானுக்கு இதே கணக்கைப் போட்டால் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும், அங்கே நுகர்வோர் உபரி ஒன்றே போதும். ஆனால் மாதம் 6 நோட்டுக்கு மேல் உங்களுக்குப் பயனே இல்லை, மலிவு என்று வாங்கி அடுக்கியிருக்கிறீர்கள் என்றால், முதல் 6 நோட்டில் கிடைத்த 30-உம் அடுக்கில் முடங்கிவிட்டது. அந்த 30-க்கு வாங்கியதுதான் மீதி 6 நோட்டும்.