கையெழுத்துப் போட்ட ஆஃபரிலிருந்து விலகுவது: யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது

"சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் ஆஃபரை ஏற்று கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டேன். சேர இன்னும் 19 நாள் இருக்கிறது. இப்போது சொந்த ஊரான கோவையிலேயே, நான் ஆசைப்பட்ட டேட்டா வேலை கிடைத்திருக்கிறது. எச்.ஆர். போனில் உறுதி சொல்லிவிட்டார், லெட்டர் வெள்ளிக்கிழமை வருமாம். சென்னைக் கம்பெனிக்கு என்னை ரெஃபர் செய்தது கல்லூரி சீனியர் அக்கா. அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி விலகிவிடலாமா?"

அப்பாவை இதில் இழுக்காதீர்கள். நான் ஆள் எடுக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன், இந்தக் காரணம் எங்கே போய் முடியும் என்று பார்த்திருக்கிறேன். ஒரு பையன், சேர நான்கு நாள் இருக்கும்போது, அம்மாவுக்கு ஆபரேஷன் என்று மெயில் போட்டான். மேனேஜர் மனது இளகி, ஒரு மாதம் கழித்து வாருங்கள், இடத்தைப் பிடித்துவைக்கிறேன் என்று பதில் எழுதிவிட்டார். அதை அவனால் ஏற்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை, கடைசியில் போனை எடுப்பதையே நிறுத்தினான். மூன்றாவது வாரம் லிங்க்ட்இன்னில் அவன் பெயருக்குக் கீழே வேறொரு கம்பெனி. அவன் வராமல் போனதை அந்த மேனேஜர் ஒரு வாரத்தில் மறந்திருப்பார். ஒரு மாதம் இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருந்ததைத்தான் இன்றும் சொல்வார். வீட்டில் நோய் என்றால் எதிரில் இருப்பவர் உதவ வருவார், அதற்கு நீங்கள் இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

அவர்களுக்கு உண்மையான நஷ்டம் எங்கே என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும். நீங்கள் ஏற்றுக்கொண்டதும் எச்.ஆர். அந்த இடத்தை நிரம்பிவிட்டதாகக் குறித்திருப்பார், லேப்டாப்புக்குச் சொல்லியிருப்பார், டீம் லீட் உங்களை நம்பி வேலையைப் பிரித்திருப்பார். ஆனால் நேர்காணலில் உங்களுக்கு அடுத்து வந்த ஒருவர் இருப்பார் இல்லையா, அவர் வேறு எங்கும் சேராமல் இன்னும் கிடைக்கக்கூடும். 19 நாள் முன்னால் சொன்னால் அவரைக் கூப்பிட்டுப் பார்க்க வழி இருக்கிறது. முதல் நாள் காலையில் சொன்னால் அவர் போயிருப்பார், புதிதாகத் தேட வேண்டும், புதிதாகக் கிடைப்பவருக்கு 60 நாளோ 90 நாளோ நோட்டீஸ் இருக்கும். அதனால் நீங்கள் முடிவெடுத்த பிறகு தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அவர்களிடமிருந்து எடுப்பதுதான்.

அதற்காக இன்றைக்கே கூப்பிட்டுவிடாதீர்கள். போனில் சொன்ன உறுதி ஆஃபர் ஆகாது. பட்ஜெட் நின்றுபோய், வாய்ப்பேச்சோடு போன ஆஃபர்களைப் பார்த்திருக்கிறேன், அப்படி நடந்தால் இரண்டு பக்கமும் இல்லாமல் போய்விடும். வெள்ளிக்கிழமை லெட்டர் வரட்டும். சம்பளம், சேரும் தேதி, வேலை இடம் கோவைதானா, உங்கள் பழைய கம்பெனி விடுவிக்கும் தேதியோடு சேரும் தேதி ஒத்துப்போகிறதா என்று படித்துப் பாருங்கள். முன் வேலை விவரங்களைச் சரிபார்த்த பிறகே ஆஃபர் செல்லும் என்ற நிபந்தனை இருந்தால் அது எப்போது முடியும் என்று கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் எழுத்தில் ஏற்றுக்கொண்டு, அவர்களிடமிருந்து பதில் மெயிலும் வாங்கிவிட்டு, அதே நாளில் சென்னைக்குச் சொல்லிவிடுங்கள். அலுவலகம் மூடும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம், மதியம் மூன்று மணிக்குள் கூப்பிட்டால் அன்றே அவர்கள் ஏதாவது செய்ய முடியும்.

அதற்குள் சென்னை ஆஃபர் லெட்டரையும் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். சேராவிட்டால் இவ்வளவு தொகை கட்ட வேண்டும் என்று சில லெட்டர்களில் இருக்கும். வேலைக்கு வந்தே தீர வேண்டும் என்று நீதிமன்றம் உங்களைக் கட்டாயப்படுத்தாது. தொகை விஷயத்தில், இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 74-ஆம் பிரிவுப்படி, எழுதியிருக்கும் தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடே கேட்க முடியும். அப்படி ஒரு வரி இருந்தால் மட்டும் கூப்பிடுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். ஜாயினிங் போனஸோ வீடு மாறும் செலவோ முன்கூட்டியே வாங்கியிருந்தால் அவர்கள் கேட்கும்வரை இருக்காமல் நீங்களே திருப்பித் தருவதாகச் சொல்லுங்கள், லேப்டாப் வந்திருந்தால் அதையும்.

சரி, வெள்ளிக்கிழமை யாரிடம் முதலில்? அக்காவிடம். எச்.ஆருக்குப் பேசுவதற்கு ஒரு பத்து நிமிடம் முன்னால். நீங்கள் சேரவில்லை என்று அலுவலகத்தில் யாரோ சொல்லி அவர் தெரிந்துகொண்டால் அந்த இடத்தில் அவர் தலை குனிந்து நிற்க வேண்டியிருக்கும், அதைத்தான் அவர் மறக்க மாட்டார். "அக்கா, நீங்க ரெஃபர் பண்ணின வேலைக்கு நான் சேரப்போறதில்ல. கோயம்புத்தூர்லயே டேட்டா வேலை கிடைச்சிருக்கு, இன்னைக்குத்தான் லெட்டர் வந்துச்சு. உங்களுக்குச் சங்கடம் வரும்னு தெரியும், மன்னிச்சிடுங்க. பத்து நிமிஷத்துல எச்.ஆர்கிட்ட நானே பேசிடறேன்." இவ்வளவு போதும். அவரையே உள்ளே பேசிப் பார்க்கச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் விலகலால் அவருக்கு ரெஃபரல் போனஸும் வராது, அதைப் பற்றி நீங்கள் பேச்செடுக்க வேண்டாம், அவரே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு எச்.ஆர். அவர் போனை எடுக்கவில்லை என்றால் இரண்டு முறை முயன்றுவிட்டு மெயில் அனுப்பிவிடுங்கள், எடுத்தாலும் பேசி முடித்த அரைமணி நேரத்தில் மெயில் போக வேண்டும். உங்களை நேர்காணல் செய்த மேனேஜரையும் அதில் சேருங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் உள்ளே இருக்க வேண்டியது இதுதான்:

"நான் ஏற்றுக்கொண்ட இந்த வேலையில் சேரப்போவதில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். சொந்த ஊரில் நான் தேடிக்கொண்டிருந்த துறையிலேயே வேலை கிடைத்திருக்கிறது, அதை ஏற்றுக்கொண்டுவிட்டேன். கையெழுத்துப் போட்ட பிறகு இப்படிச் சொல்வதால் உங்கள் திட்டத்தைக் குலைக்கிறேன் என்று எனக்குத் தெரியும், அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். இந்த முடிவில் என்னை ரெஃபர் செய்தவருக்கு எந்தப் பங்கும் இல்லை, அவருக்கே இன்றுதான் தெரியும். திருப்பித் தர வேண்டியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், உடனே அனுப்புகிறேன்."

முதல் வரியிலேயே சேரப்போவதில்லை என்று இருக்கட்டும். "யோசித்துக்கொண்டிருக்கிறேன்", "சூழ்நிலை காரணமாக" என்றெல்லாம் ஆரம்பித்தால் அவர்கள் பேரம் பேசச் சொல்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். மன்னிப்பு ஒரே தடவை, அதற்குப் பின்னால் "ஆனால்" போடாமல். புதுக் கம்பெனியின் பெயரையும் சம்பளத்தையும் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

சம்பளத்தைக் கூட்டித் தருகிறோம், வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள் என்று அவர்கள் திரும்பக் கேட்கலாம். உங்கள் காரணம் ஊரும் வேலையின் தன்மையும்தான் என்றால் "நன்றி, முடிவெடுத்துவிட்டேன்" என்பதோடு நிறுத்திவிடுங்கள், இரண்டு நாள் யோசிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டால் அந்த இரண்டு நாளும் அவர்கள் அடுத்தவரைக் கூப்பிடாமல் இருப்பார்கள். எச்.ஆர். கோபமாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், பதிலுக்குப் பதில் பேச வேண்டாம். சில கம்பெனிகள் இப்படி விலகியவரைக் குறித்துவைத்துக்கொண்டு, கொஞ்ச காலத்துக்குத் திரும்ப நேர்காணலுக்கு அழைக்க மாட்டார்கள். எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும் அது நடக்கலாம், அதை ஏற்றுக்கொண்டுதான் கூப்பிட வேண்டும்.

சென்னையில் நீங்கள் சேர வேண்டியிருந்த தேதி கடக்கும்வரை லிங்க்ட்இன்னில் எதுவும் போடாதீர்கள். அக்காவைப் போனோடு விட்டுவிடாமல், அடுத்து சென்னை போகும்போது நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.