மாட்ரிட் விடுதியில் நள்ளிரவில் போய் இறங்கினால்

கேள்வி: நவம்பர் 14 இரவு மாட்ரிட் போகிறோம். விடுதியை அடைய ஒரு மணி ஆகிவிடும். அங்கே ஆங்கிலம் தெரியாதாம். போனில் ஸ்பானிஷில் எப்படி அறை பதிவு செய்வது? சத்தம், வெந்நீர்ப் பிரச்சினை வந்தால் என்ன சொல்வது?

பதில்: முதலில் தேதியைக் கவனியுங்கள். ஒரு மணிக்குள் 15ஆம் தேதி பிறந்துவிடும். ஆனால் 15 என்று பதிவு செய்தால், அன்று மதியம்தான் அறை தருவார்கள். அதனால் இரண்டு தேதியையும் சேர்த்தே சொல்லுங்கள்: "கெரியா ரெசெர்வார் ஊனா அபித்தாத்தியோன் தோப்ளே பாரா லா நோச்சே தெல் காதோர்த்தே அல் கின்த்தே தெ நொவியெம்ப்ரே." 14 விடிந்தால் 15 என்ற அந்த இரவுக்கு, இருவருக்கான அறை வேண்டும் என்று பொருள்.

அடுத்தது தாமதம். மாட்ரிட்டின் பழைய கட்டடங்களில் ஒரு மாடியில் மட்டும் நடக்கும் சின்ன விடுதியை 'ஓஸ்தால்' என்பார்கள். பலவற்றில் ராத்திரி வரவேற்பு மேசையில் ஆள் இருக்காது, தெருக்கதவும் பூட்டியிருக்கும். எனவே "யெகாமோஸ் சோப்ரே லா ஊனா தெ லா மத்ருகாதா. கோமோ என்த்ராமோஸ்?" என்று கேளுங்கள். ஒரு மணிவாக்கில் வருவோம், எப்படி உள்ளே வருவது என்று அர்த்தம். கதவுக்கான எண்ணோ சாவி இருக்கும் இடமோ சொல்வார்கள். எழுத்தில் அனுப்பச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் தாமதித்தால் வரவில்லை என்று எண்ணி அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம், முதல் இரவுப் பணமும் போகலாம்.

சத்தத்துக்கு மருந்து பதிவு செய்யும்போதே இருக்கிறது. தெருவைப் பார்த்த அறை 'எக்ஸ்தெரியோர்', உள்முற்றத்தைப் பார்த்தது 'இன்தெரியோர்'. வெளிச்சத்துக்காக எல்லோரும் முன்னதைக் கேட்பார்கள்; நள்ளிரவில் வந்து தூங்கப்போகிற உங்களுக்குப் பின்னதே சரி. "கே நோ தே ஆ லா காயே" (தெருவைப் பார்க்காததாக) என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் தூங்க முடியவில்லையென்றால், "ஆய் மூச்சோ ரூயிதோ. நோஸ் புவேதே காம்பியார் தெ அபித்தாத்தியோன்?" என்று அறை மாற்றித் தரக் கேட்கலாம். நடுராத்திரி ஆள் இல்லாவிட்டால் காலையில்தான் நடக்கும்.

வெந்நீர் வரவில்லை என்று புகார் சொல்லும் முன் குழாயைப் பாருங்கள். 'சி' என்று போட்டிருப்பதுதான் சூடு, 'எஃப்' குளிர். நம்மவர்கள் ஆங்கில வழக்கத்தில் மாற்றித் திறந்துவிட்டு நடுங்குவதுண்டு. சரியான குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டும் சூடேறவில்லையென்றால், "நோ சாலே ஆகுவா காலியெந்தே" (வெந்நீர் வரவில்லை) என்று சொல்லுங்கள். முதலில் சூடாக வந்து பிறகு ஆறிப்போனால் கொதிகலனில் வெந்நீர் தீர்ந்திருக்கும், சற்றுப் பொறுத்தால் போதும்.

எதற்கும் அசையவில்லையென்றால் "லா ஓஹா தெ ரெக்லமாத்தியோனேஸ், போர் ஃபவோர்" என்று புகார்ப் படிவம் கேளுங்கள். அதை வைத்திருப்பது ஸ்பெயினில் விடுதிகளுக்குக் கட்டாயம். பெரும்பாலும் எழுதும்படி ஆகாது, கேட்டதுமே வேறு அறைச் சாவி வந்துவிடும்.