வெளிநாட்டில் படிக்கும் மகளுக்கு அப்பா எழுதும் கடிதம்: கேள்வி பதில்

பல வருடங்களாக ஒரு பத்திரிகையில் கடிதப் பகுதியைத் திருத்திக்கொண்டிருந்தவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்து சேர்ந்தன. தெரிந்த வரையில் சொல்கிறேன்.

கேள்வி: மகள் முதுகலை படிக்கப் போயிருக்கிறாள். தினமும் வீடியோவில் பேசுகிறோம். கடிதத்தில் புதிதாக எழுத என்ன இருக்கிறது?

தினமும் பேசுகிறவர்களுக்குத்தான் கடிதம் கஷ்டம். செய்தியெல்லாம் போனிலேயே தீர்ந்துவிடும். ஆனால் போனை வைத்த பிறகு, "அடடா, அவள் அப்படிச் சொன்னாளே, நாம் ஒன்றுமே சொல்லாமல் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டோமே" என்று தோன்றும் இல்லையா? அதுதான் கடிதத்துக்கான சரக்கு.

இன்னொன்று, கடிதம் போய்ச் சேர நாளாகும். ஒரு வாரம் ஆகலாம், சில சமயம் மூன்று வாரம்கூட. அதனால் "காய்ச்சல் விட்டதா?", "நாளை மறுநாள் தேர்வாமே" என்று எழுதினால், அவள் உறையைப் பிரிக்கும்போது காய்ச்சலும் போயிருக்கும், தேர்வும் முடிந்திருக்கும். ஒவ்வொரு வரியையும் "ஒரு மாதம் கழித்துப் படித்தாலும் இது பழசாகாமல் இருக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். பழசாகும் என்றால் அது போனில் சொல்ல வேண்டியது. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்பதையும் முதன்முதலில் கடிதத்தில் சொல்லாதீர்கள். படித்த நிமிடத்தில் அவள் கேட்க நினைக்கும் கேள்விகளுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

கேள்வி: நான் எழுதியதை அப்படியே தருகிறேன், திருத்திக் கொடுங்கள். "அன்பு மகளே, நீ வெளிநாடு சென்று ஆறு மாதங்கள் ஆகின்றன. உன் ஸ்டடீஸ் நன்றாகப் போகும் என்று ஹோப் பண்ணுகிறேன். ஆல்வேஸ் ஃபோகஸ் ஆன் யுவர் கோல்ஸ். மிட்டெர்மில் மார்க் குறைந்தது பற்றிக் கவலை வேண்டாம். எங்கள் தியாகத்தை நீ மறக்க மாட்டாய் என்று நம்புகிறேன். ஐ பிலீவ் இன் யூ." ஆங்கில வரிகள் சரியாக விழுந்திருக்கின்றனவா?

விழவில்லை. ஆங்கிலத்தின் மேல் தப்பில்லை, அவை நிற்கும் இடம்தான் சரியில்லை. "ஆல்வேஸ் ஃபோகஸ்" என்ற வரியை அலுவலக மெயிலில் யாரும் யாருக்கும் எழுதலாம். புத்திமதியை ஆங்கிலத்தில் எழுதினால் அப்பா மறைந்து மேலதிகாரி வந்துவிடுகிறார். "ஹோப் பண்ணுகிறேன்" என்று பாதியில் மொழி மாறும் வாக்கியம் பேச்சில் உறுத்தாது, தாளில் உறுத்தும். "ஐ பிலீவ் இன் யூ" நல்ல வரிதான். ஆனால் தியாகத்தை நினைவூட்டிய கையோடு வருகிறது. மேல் வரி கணக்கு கேட்கிறது, கீழ் வரி நம்புகிறேன் என்கிறது. படிக்கிற பெண்ணுக்கு மேல் வரிதான் மனதில் நிற்கும்.

மதிப்பெண் பற்றி அவள் என்ன சொன்னாள், அவள் போன பிறகு வீட்டில் என்ன மாறியிருக்கிறது என்று இவரிடம் கேட்டேன். கேமராவை அணைத்துவிட்டுத்தான் மதிப்பெண்ணைச் சொன்னாளாம். வீட்டில் பெரிதாக ஒன்றுமில்லை, அவள் ஓயாமல் புகார் சொன்ன குளியலறைக் குழாயை இப்போதுதான் மாற்றினோம் என்றார். பெரிதாக ஒன்றுமில்லை என்று சொன்ன இடத்தில்தான் கடிதமே இருந்தது. அவர் சொன்னதை வைத்து இப்படி எழுதிக் காட்டினேன்:

"கண்ணம்மா, குளியலறைக் குழாயை ஒருவழியாக மாற்றிவிட்டேன். உள்ளே வாஷர் தேய்ந்துபோய்க் காகிதம் மாதிரி இருந்தது. ராத்திரி சொட்டும் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று நீ சொல்லும்போதெல்லாம், கதவைச் சாத்திக்கொள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். யூ வேர் ரைட், ஆஸ் யூஷுவல்.

அன்றைக்கு மார்க் சொல்லும்போது கேமராவை அணைத்துவிட்டுச் சொன்னது எனக்குக் கஷ்டமாக இருந்தது. மார்க் இல்லை, கேமரா. எனக்குப் பயந்தா, அழுகையை மறைக்கவா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் தேவையில்லை. அந்தப் பாடத்தை மறுபடி எழுத வேண்டியிருந்தாலும் எழுதிக்கொள்ளலாம். டேக் யுவர் டைம். வீ ஆர் நாட் கோயிங் எனிவேர்."

ஆங்கிலம் இரண்டே இடத்தில்தான். இரண்டிலும் முழு வாக்கியமாக, பத்தியின் கடைசியில், ஒரு சின்ன விஷயம் தமிழில் சொல்லி முடிந்த பிறகு வருகிறது. இந்த அப்பா வீட்டில் "யூ வேர் ரைட்" என்று கிண்டலாகச் சொல்லக்கூடியவர்தான். வாயில் வந்திராத ஆங்கிலம் தாளில் வந்தால் மகள் உடனே கண்டுபிடித்துவிடுவாள். அப்புறம், இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், நீங்கள் தாளில் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள்.

கேள்வி: நீ சொன்னாய், எழுதினாய் என்று எழுதினால் நாடக வசனம் மாதிரி இருக்கிறது. சொன்னே, எழுதினே என்றால் கொச்சையாக இருக்கிறது. என்னதான் செய்வது?

நல்ல கேள்வி. கடிதம் எழுதும் பல அப்பாக்கள் இங்கேதான் திணறி, பேசாமல் முழுக்க ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள்.

"நீ" என்று தொடங்கும் வாக்கியங்களை "-ஆய்" என்று முடியாதபடி திருப்பிவிடுங்கள். "நீ அனுப்பினாய், நான் பார்த்தேன்" என்பதை "நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன்" என்று ஆக்கலாம். "நீ பயந்தாய் என்று தெரிகிறது" என்பதை "நீ பயந்தது தெரிகிறது" எனலாம். "நீ எப்போது வருவாய்?" என்பதற்குப் பதில் "எப்போது வரமுடியும் என்று எழுது." எச்சமும் ஏவலும் பேச்சிலும் எழுத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் உறுத்துவதில்லை. மேலே திருத்திய கடிதத்தைத் திரும்பப் பாருங்கள், ஒரு "-ஆய்" கூட இல்லை. முற்றிலும் ஒழிக்க வேண்டும் என்பதில்லை, பக்கத்துக்கு ஒன்றிரண்டு இருந்தால் தெரியாது. வரிசையாக வந்தால்தான் மேடையேறிவிடுகிறது.

கேள்வி: அப்பா எழுதும் கடிதத்தில் வங்கி இருப்பு, வருமான விவரம் எல்லாம் எந்த வரிசையில் வர வேண்டும்? நோட்டரி கையெழுத்து அவசியமா?

ஐயா, நீங்கள் கேட்பது விசாவுக்கான ஸ்பான்சர் கடிதம். அதை அவளுடைய பல்கலைக்கழகமும் அந்த நாட்டுத் தூதரகமும் கேட்கிற படிவத்தில்தான் கொடுக்க வேண்டும், அவர்களுடைய இணையதளத்தைப் பாருங்கள். அதில் கண்ணம்மா என்று தொடங்கிவிடாதீர்கள்.

கேள்வி: நேரு, வெளிநாட்டில் படித்த இந்திராவுக்கு உலக வரலாற்றையே கடிதமாக எழுதினார். நாமும் அப்படி அறிவு வளர்க்கும் கடிதமாக எழுதினால் என்ன?

பாதி சரி. நீங்கள் சொல்லும் கடிதங்களில் முதல் தொகுதி 1928 கோடையில் எழுதியது. அப்போது இந்திராவுக்குப் பத்து வயது, இருந்தது வெளிநாட்டில் இல்லை, முசூரியில். நேரு அலகாபாத்தில் இருந்தார். பூமி எப்படி உண்டானது, மனிதர்கள் எப்படி வந்தார்கள் என்று பத்து வயதுக் குழந்தைக்கு அப்பா சொல்வது அழகு. உங்கள் மகள் முதுகலை படிக்கிறாள், அவள் துறையில் உங்களைவிட அவளுக்கு அதிகம் தெரியும். உங்களுக்கு மட்டுமே தெரிந்த வரலாறு ஒன்று இருக்கும். அவள் பிறப்பதற்கு முன் நீங்கள் எந்த வேலையை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்பது போல. அதை எழுதுங்கள். அது வேறு எங்கும் கிடைக்காது.

கேள்வி: இரண்டே இடத்தில் ஆங்கிலம் என்பதை நான் ஏற்கவில்லை. நானும் மகளும் மனம்விட்டுப் பேசுவதே ஆங்கிலத்தில்தான். தமிழில் எழுதினால் அவளுக்கு யாரோ எழுதியது போல இருக்கும்.

அப்படியென்றால் உங்கள் கடிதம் ஆங்கிலத்தில் இருப்பதுதான் நியாயம். நான் சொன்னது தமிழில் வளர்ந்த வீட்டுக்கு. ஒன்று மட்டும் கேட்கிறேன்: கோபம் வந்தால் எந்த மொழியில் பேசுவீர்கள்? சமாதானம் ஆகும்போது? அந்த இரண்டில் ஒன்றாவது தமிழாக இருந்தால், கடிதத்தில் அந்த இடத்தைத் தமிழுக்கு விடலாமே. இதற்கு மேல் எனக்கும் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை.

கேள்வி: நான் மகள். அப்பா நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். நேரத்துக்குத் தூங்கு, பணத்தைப் பார்த்துச் செலவு செய், நட்பில் கவனம். அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. பதிலில் இதைச் சொல்லலாமா?

குறையாகச் சொல்ல வேண்டாம், கேள்வியாகக் கேளுங்கள். "எப்படி இருக்கிறீர்கள் அப்பா?" என்று கேட்டால் "நலம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார். "காலையில் நடக்கப் போவது இப்போதும் அதே நண்பரோடுதானா? அவர் மூட்டுவலி எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். நண்பரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தன்னைப் பற்றியும் எழுதிவிடுவார்.

அந்த நான்கு பக்கத்தையும் இன்னொரு தடவை படியுங்கள். தூங்கு என்ற புத்திமதி எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். அடிக்கடி வந்தால், அவருக்கே தூக்கம் சரியில்லையோ என்று நான் சந்தேகப்படுவேன். தவறாகவும் இருக்கலாம்.

கேள்வி: கல்விக் கடன் தவணை கஷ்டமாக இருக்கிறது. கடிதத்தில் எழுதினால் பொறுப்பு வருமா, குற்ற உணர்ச்சி வருமா?

எப்படி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "உனக்காகத்தானே இத்தனையும்" என்று எழுதினால் அவளால் ஒன்றும் செய்ய முடியாது, அந்த வரியைச் சுமந்துகொண்டு திரிவாள். அவள் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் அதை மட்டும் நேராகச் சொல்லுங்கள்: இந்தத் தேதியிலிருந்து தவணை தொடங்குகிறது, இவ்வளவு, பகுதிநேர வேலை கிடைத்தால் இதில் இவ்வளவை நீ பார்த்துக்கொள்ள முடியுமா என்று. அதையும் தனித் தாளிலோ மெயிலிலோ அனுப்புங்கள். குழாய் வாஷருக்குப் பக்கத்தில் வட்டி விகிதம் வந்தால், கடிதம் முழுக்க அதற்காக எழுதியது போல ஆகிவிடும்.

கேள்வி: மகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். என்ன செய்வது?

வாக்கியங்களைச் சின்னதாக்கி, சொற்களைச் சேர்த்து எழுதாமல் பிரித்து எழுதுங்கள். "வந்துகொண்டிருந்தபோது" என்பதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அவளுக்கு அலுத்துவிடும், "வரும் போது" போதும். எழுதியதை நீங்களே வாசித்துப் பதிவுசெய்து அனுப்பினால், கேட்டுக்கொண்டே வரியில் விரல் வைத்துப் படிப்பாள்.

கேள்வி: கடைசியில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமா?

"அப்பா" போதும். வங்கிக் கையெழுத்து மகளுக்கு எதற்கு?