முகூர்த்தம் ஏழரைக்கு; மேக்கப் அக்கா எத்தனை மணிக்கு?

திருச்சியில் பதினாறு வருடமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். கல்யாணக் காலை நேரக்கணக்கைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, எழும்பி உட்கார்ந்து ஒரே மூச்சில் பதில் எழுதியிருக்கிறேன்.

மணப்பெண்ணின் தம்பி, தஞ்சாவூர்: அக்காவுக்கு முகூர்த்தம் 7.30 – 9.00. மேக்கப் போடுறவங்க "டைமிங் மெசேஜ் போட்டு விடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. கல்யாணப் பொண்ணு, அம்மா, பெரியக்கா, மூணு பேர். அவங்க ஒரு அசிஸ்டென்டோட வர்றாங்க. என்னன்னு எழுதுறது?

தம்பி, பத்திரிகையில் இருக்கும் 7.30-ஐ வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஐயரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பொண்ணு மணவறைக்கு எத்தனை மணிக்கு வரணும்?" அவர் 7.20 என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து போட்டோகிராபர். ஒரு மணி நேரம் வேண்டும் என்பார். அரை மணியில் நிறுத்துங்கள். 6.45 முதல் 7.15 வரை அவருக்கு. அதற்கு முன்னால் அரை மணி சும்மா விடுங்கள். ஆக, உங்கள் அக்கா 6.15-க்கு நகை போட்டு முடித்திருக்க வேண்டும்.

இனி பின்னாலிருந்து எண்ணுங்கள். புடவைக் கட்டும் நகையும் 25 நிமிடம். ஜடை, பூ, நெத்திச்சுட்டி 45 நிமிடம். முகம் ஒன்றேகால் மணி. ஆக 3.50-க்கு முதல் பிரஷ் முகத்தில் படவேண்டும். ஆனால் 3.50-க்கு வாருங்கள் என்று எழுதினால் கெட்டீர்கள். பெட்டியைத் தூக்கி மாடி ஏறி, லைட் மாட்டி, எல்லாவற்றையும் எடுத்து வைக்கவே அரை மணி போய்விடும். "கேட்டுக்கு வரும் நேரம்", "ஆரம்பிக்கும் நேரம்" என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். பாதிச் சண்டை இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் வருகிறது.

உங்கள் மெசேஜ் இப்படி இருக்கலாம்:

> வணக்கம் அக்கா. வெள்ளிக்கிழமை காலை நேரம் அனுப்புறேன்.
> 3.20 – மண்டபம் பின்பக்க கேட். மெயின் கேட் பூட்டியிருக்கும். நான் கேட்டிலேயே நிற்பேன். லொகேஷன் கீழே.
> 3.50 – அக்காவுக்கு முகம் ஆரம்பம். குளிச்சு, தலை காய்ஞ்சு, பிளவுஸ் பாவாடை போட்டு, மேலே முன்பக்கம் பட்டன் வச்ச சட்டையோட உட்கார்ந்திருப்பாங்க.
> 3.50 – 4.30 அம்மா (அசிஸ்டென்ட்). அம்மா 5 மணிக்குக் கீழே போகணும்.
> 4.30 – 5.10 பெரியக்கா (அசிஸ்டென்ட்). அப்புறம் அவங்க ஜடைக்கு உங்களோட வந்துடலாம்.
> 5.05 – 5.50 ஜடை, பூ. பூ 4.30-க்கே ரூமுக்கு வந்துடும். பூ என் பொறுப்பு.
> 5.50 – 6.15 புடவை, நகை. நகைப்பை சித்தி கையில.
> 6.15 – 6.45 காலி. இதுல வேற யாருக்கும் மேக்கப் இல்லை.
> 6.45 போட்டோ. 7.20 மணவறை.
> 7.40 வாக்குல முகூர்த்தப் புடவை மாத்தணும். அதுவரை இருக்கணும் அக்கா.
> மொத்தம் மூணு பேர்தான். போன்: நான், எடுக்கலைன்னா மாமா.

"இதுல வேற யாருக்கும் மேக்கப் இல்லை" என்ற வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். காலி அரை மணி இருக்கிறது என்று தெரிந்தால் அத்தை ஒருவர் "எனக்கு லேசா கண்ணுக்கு மட்டும் போட்டு விடும்மா" என்று வந்து உட்கார்வார். அவரிடம் முடியாது என்று சொல்ல எங்களால் முடியாது. மெசேஜைக் காட்டித் தப்பிக்கலாம்.

கேட் விஷயம் என் சொந்த அனுபவம். ஒரு மண்டபத்து வாசலில் அதிகாலை 3.15-க்கு நானும் என் உதவிப் பெண்ணும் பெட்டியோடு நின்றோம். வாட்ச்மேன் தூக்கம். வீட்டார் போன் எல்லாம் ஏதோ ஒரு ரூமில் சார்ஜில் கிடந்தன. 25 நிமிடம் போச்சு. அன்று அந்தப் பெண்ணின் தலையில் நான் நினைத்த ஜடை வரவில்லை; அவசரத்துக்கு ஒரு கொண்டை போட்டு பூவைச் சுற்றி அனுப்பினேன். இரண்டாவது போன் நம்பர் கேட்பது அதிலிருந்துதான். அந்த நேரத்தில் விழித்திருக்கிறவர் நம்பராக இருக்கட்டும்.

மாமியார், மதுரை: பொண்ணைக் கடைசியாத்தான் உக்கார வைக்கணும்மா. அப்பத்தான் முகம் வாடாம இருக்கும். எங்க மகள் கல்யாணத்துல அப்படித்தான் செஞ்சோம்.

முகம் வாடாது என்பது சரிதான் அம்மா. ஆனால் கடைசியில் உட்காருகிறவர் தலையில்தான் முன்னாடி இருந்தவர்களின் தாமதம் எல்லாம் வந்து விழும். அம்மாவுக்கு 10 நிமிடம் இழுத்தது, அக்காவுக்கு 10 நிமிடம், பூ வர 10 நிமிடம். பெண்ணுக்கு அரை மணி குறைந்துவிட்டது. முகம் வாடினால் பவுடர் ஒற்றி, லிப்ஸ்டிக் சரிசெய்ய 5 நிமிடம் போதும். அரை மணி குறைந்தால் எதைக்கொண்டும் சரிசெய்ய முடியாது.

மணப்பெண், கோயம்புத்தூர்: என் மேக்கப் அக்கா தனியாத்தான் வருவாங்க. நான், அம்மா, தங்கச்சி. யார் முதல்ல?

இதில் எங்கள் ஆட்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. என் வழக்கம்: அம்மா முதல், நீங்கள் இரண்டாவது, தங்கை கடைசி. அம்மா தாம்பாளம் எடுத்து வைக்கணும், சம்பந்தியை வரவேற்கணும், தாரைவார்க்க உட்காரணும். அவர் தாமதமானால் கல்யாணம் நிற்கும். தங்கை பத்து நிமிடம் பிந்தினால் ஒன்றும் நிற்காது. ஆனால் தங்கைக்கான நேரத்தைத் தனியாக எழுதுங்கள், உங்களுக்காக விட்ட காலி அரை மணிக்குள் அவளை நுழைக்காதீர்கள். இதனால் ஆரம்பமே 3 மணியைத் தொட்டுவிடும். அது முடியாது என்றால், அம்மாவுக்குத் தலையும் புடவைக் கட்டும் மட்டும் போதுமா என்று கேட்டுப் பாருங்கள்.

மணப்பெண், கும்பகோணம்: எங்காத்துல கூறைப்புடவை மடிசார். நடுவுல மாத்திக்கணும். இதை மெசேஜ்ல எங்க எழுதறது?

முதல் வரியிலேயே எழுதுங்கள். இதை விட்டுவிட்டால், பெண்ணை அனுப்பியதும் வேலை முடிந்தது என்று ஆர்ட்டிஸ்ட் பெட்டி கட்டிக் கிளம்பி அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடுவார். முகூர்த்த நாளில் ஒரே காலையில் இரண்டு புக்கிங் எடுப்பவர்கள் உண்டு.

உங்களுக்குக் கணக்கே வேறு. காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல் எல்லாம் முகூர்த்தத்துக்கு முன்னாலேயே நடக்கும். அதனால் முகூர்த்த நேரத்தை விட்டுவிட்டு, மாலை மாற்ற எத்தனை மணிக்கு வரணும் என்று வாத்தியாரிடம் கேட்டு, அதிலிருந்து பின்னால் எண்ணுங்கள். இரண்டாவது கெடு, கன்னிகாதானம் முடிந்து கூறை கொடுத்ததும். நாத்தனார் உங்களை உள்ளே அழைத்துப் போவார். வெளியே வாத்தியார் காத்திருப்பார், நாதஸ்வரக்காரர் இழுத்துக்கொண்டிருப்பார். அந்த 20 நிமிடம்தான் கல்யாணத்திலேயே மேக்கப் ஆளுக்கு வியர்க்கிற நேரம்.

அங்கே நேரத்தைத் தின்பது கட்டு அல்ல, அவிழ்ப்பது. முதல் புடவையில் தோளில் நாலு பின், இடுப்பில் மூணு பின், அதற்கு மேல் ஒட்டியாணம். அவசரத்தில் ஒரு பின்னைக் கவனிக்காமல் இழுத்தால் பட்டு கிழியும். அதனால் "முதல் புடவைல சேஃப்டி பின் குறைவாப் போடுங்கோ" என்று எழுதிவிடுங்கள். மடிசார் கட்டத் தெரியுமா என்றும் இப்போதே கேளுங்கள். பலருக்குத் தெரியாது, சொல்லவும் கூச்சப்படுவார்கள். தெரியாதென்றால் கட்டிவிடப் போகிற மாமி யார், எந்த ரூமில் இருப்பார் என்று அதே மெசேஜில் போடுங்கள்.

இதைப் படித்துவிட்டு ஒருவர், யாழ்ப்பாணம்: எங்கட பக்கமும் கூறைச்சேலை மாத்திறது இருக்கு அக்கா. என்ர கலியாணத்தில மாத்திற அறைக்குத் திறப்பு ஆரிட்ட எண்டு தெரியாமல் எல்லாரும் ஓடித் திரிஞ்சவை. சேலை கட்டினதைவிடத் திறப்புத் தேடினதுதான் கனநேரம்.

இதை நான் யோசித்ததே இல்லை. இனி என் பட்டியலில் "சாவி யார் கையில்" என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.

அண்ணன், சேலம்: அக்கா, 3.20-க்கு வரவேண்டியவங்ககிட்ட 2.45-ன்னு பொய் சொல்லிட்டா என்ன? எப்படியும் லேட்டாத்தான் வருவாங்க.

வேண்டாம் தம்பி. எங்களிடம் பத்திரிகை இருக்கிறது. நாங்களும் ஒரு அரை மணி சேர்த்து வைத்திருப்போம். நீங்கள் ஒரு அரை மணி, நாங்கள் ஒரு அரை மணி, போட்டோகிராபர் ஒரு அரை மணி என்று ஆளாளுக்கு ஒளித்து வைத்தால், பெண் ஐந்தேகாலுக்கே தயாராகி, ஏசி நின்றுபோன ரூமில் இரண்டு மணி நேரம் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காலி நேரம் ஒரே இடத்தில், பெண்ணுக்கு அப்புறம், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இருக்கட்டும்.

மணப்பெண், திருநெல்வேலி: முதல் நாள் ரிசப்ஷன் முடிய பதினொண்ணு ஆயிரும். 3.50-க்குத் தலை காய்ஞ்சு உக்காரணும்னா நான் தூங்கவே வேண்டாமா?

தூக்கம் குறைவுதான், மறைக்க மாட்டேன். ரிசப்ஷன் கொண்டையில் 30, 40 பின் இருக்கும், மேலே ஸ்ப்ரே வேறு. அதைக் கலைக்கவே அரை மணி. அன்று ராத்திரியே தலை குளித்து, டிரையரில் காயவைத்துப் படுத்துவிடுங்கள். காலையில் சடங்குக்கு எண்ணெய் வைப்பது உங்கள் வீட்டு வழக்கம் என்றால், உச்சியில் ஒரு துளி தொட்டு வைக்கச் சொல்லுங்கள். பாட்டி பாசமாக ஒரு கை நிறைய அள்ளி வைத்துவிட்டால் சவுரியும் நிற்காது, ஜடையும் வழுக்கும். அடர்த்தியான முடி ஈரமாக இருந்தால் காயவைக்கவே 40 நிமிடம் ஆகும். அது உங்கள் முகத்துக்கான நேரத்திலிருந்துதான் போகும்.

மாப்பிள்ளை, சென்னை: நான் எத்தனை மணிக்கு ஷேவ் பண்ணணும் மேடம்?

தம்பி, இது உங்களைப் பற்றிய கேள்வி இல்லை. இருந்தாலும் முதல் நாள் மாலையே செய்துவிடுங்கள், காலையில் வெட்டுக்காயத்தோடு நிற்காதீர்கள். உங்கள் தங்கைக்கும் மேக்கப் வேண்டும் என்றால் பெண் வீட்டுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். காலை 5.30-க்கு வந்து நிற்க வேண்டாம்.

புதிதாகத் தொழிலுக்கு வந்தவர், ஈரோடு: மெசேஜ்ல மூணு பேர், போனா அஞ்சு பேர். கூடுதல் காசு கேட்டா மூஞ்சைக் காட்டறாங்க. எப்படிக் கேக்கறதுங்க்கா?

நான் இரண்டு நாள் முன்னாடி அந்த மெசேஜை அவர்களுக்கே திருப்பி அனுப்பி, கடைசியில் "மேல ஒவ்வொருத்தருக்கும் இவ்வளவு, பொண்ணு முடிஞ்ச அப்புறம்தான்" என்று சேர்க்கிறேன். வீட்டாரால் தாமதமாகி, புடவை மாற்ற நான் கூடுதலாக ஒரு மணி நேரம் நின்றால் அதற்குக் காசு வாங்கலாமா என்பதில் மட்டும் எனக்கே இன்னும் மனசு ஒரு நிலையில் இல்லை. சில வீட்டில் கேட்டிருக்கிறேன். சில வீட்டில் இலை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறி, தாம்பூலப்பையோடு வண்டி வரைக்கும் வந்து வழியனுப்புவார்கள். அங்கே வாய் வராது.