ரெண்டு நாள்ல பரீட்சைன்னா முதல்ல புத்தகத்தை மூடுங்க

நேத்து காலைல ஒரு அம்மா போன் பண்ணாங்க. பன்னிரண்டாவது படிக்கிற பொண்ணு, பிசிக்ஸ் பரீட்சை இன்னும் பதினோரு நாள் இருக்குன்னு நினைச்சு மெதுவா படிச்சிட்டு இருந்திருக்கா, திடீர்னு தேதியை முன்னாடி கொண்டு வந்துட்டாங்க, நாளை மறுநாள் காலைல பத்து மணிக்கு பரீட்சை. பொண்ணு அழுதுட்டு இருக்கா, பெரியப்பா வந்து உக்காந்துட்டு "ரெண்டு நாள் க்ராஷ் கோர்ஸ் இருக்கு, ஒரு நாளைக்கு பன்னிரண்டு மணி நேரம், முழு சிலபஸும் முடிச்சிடுவாங்க, இப்பவே பணம் கட்டு, இந்த மார்க் போச்சுன்னா மெடிக்கல் சீட்டே போச்சு"ன்னு சொல்லிட்டு இருக்காராம், என்ன பண்றதுன்னு கேட்டாங்க. ரெண்டு நிமிஷம் ஆறுதலா பேசினேன். அதுக்கு மேல ஆறுதல்ல போற ஒவ்வொரு நிமிஷமும் அந்தப் பொண்ணோட நேரம்தான், அதனால நேரா சொல்லிட்டேன்: பணம் கட்டாதீங்க.

ஏன்னு சொல்றேன். நாப்பத்தெட்டு மணி நேரம்ங்கிறது கேக்க நிறைய இருக்கும். ரெண்டு ராத்திரி தூக்கம் ஏழரை ஏழரைன்னு பதினஞ்சு போயிடும், சாப்பாடு, குளியல், கொஞ்சம் நடக்கிறது, பரீட்சை ஹாலுக்குப் போறதுன்னு ஒரு ஒம்பது பத்து மணி நேரம் போயிடும். மிச்சம் இருபத்திமூணு, அதுலயும் மூளை முழிச்சிருந்து உருப்படியா வேலை செய்யறது ஒரு பதினாறு மணி நேரம்தான். பத்து பாடத்துக்கு அதை சமமா பிரிச்சா பாடத்துக்கு ஒன்றரை மணி நேரம் சொச்சம்தான் வரும். க்ராஷ் கோர்ஸ்ல நடக்கிறது இந்த சமமா பிரிக்கிற வேலைதான். எல்லாருக்கும் சேர்த்து முதல் பாடத்துல ஆரம்பிச்சு கடைசிப் பாடம் வரைக்கும் ஒருத்தர் பேசுவார், உங்க பொண்ணு கேட்டுட்டு உக்காந்திருப்பா. கேக்கும்போது எல்லாம் புரிஞ்ச மாதிரி இருக்கும், ஆனா ஹால்ல அவளே பேப்பர்ல எழுதணுமே, அந்தப் பழக்கம் அங்க ஒரு மணி நேரம் கூட கிடைக்காது. போக வர நேரம் வேற. பதினோரு நாள் இருந்திருந்தா கூட யோசிக்கலாம்னு சொல்லியிருப்பேன், ரெண்டு நாளுக்கு இது வேண்டாம்.

அப்புறம் டைம்டேபிள், செல்போனை எடுத்து வைக்கிறது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், நான் திரும்ப சொல்லல. முக்கியமான கேள்விகள்னு சுத்தி வர லிஸ்ட்டை நம்பி உக்காராதீங்கன்னு மட்டும் சொல்லிடறேன். அறிவிப்பை அதிகாரபூர்வமான இடத்துல போய் முழுசா படிச்சு, தேதி மட்டும்தான் மாறியிருக்கா, நேரம், ஹால், சிலபஸ் ஏதாவது மாறியிருக்கான்னு நீங்க பாருங்கம்மா, அதே நாள்ல அவளுக்கு வேற பரீட்சை மோதுச்சுன்னா உடனே எழுத்துல தெரியப்படுத்துங்க. அது பெரியவங்க வேலை, பொண்ணு அதைத் தொடவே வேண்டாம்.

பொண்ணோட வேலை என்னன்னா, எதையும் படிக்காம, புத்தகத்தை மூடி வச்சிட்டு, ஒரு பழைய கேள்வித்தாளை எடுத்து பத்து மணிக்கு உக்காந்து மூணு மணி நேரம் முழுசா எழுதறது. இதை சொன்னதும் அந்த அம்மா பதறிட்டாங்க, "ஒண்ணுமே படிக்காம எழுதினா கம்மி மார்க் வந்து இன்னும் பயந்துடுவாளே"ன்னு. கம்மியாத்தான் வரும், வந்துச்சு, நூத்துக்கு நாப்பத்தொண்ணு. ஆனா எனக்கு அந்த நாப்பத்தொண்ணை விட போன அம்பத்தொம்பது மார்க்தான் வேணும், அது எங்க போச்சுன்னு தெரிஞ்சா இந்த ரெண்டு நாள் எங்க போகணும்னு தெரிஞ்சிடும்.

மத்தியானம் அவளையே திருத்த வச்சோம், விடைக் குறிப்பை பக்கத்துல வச்சிட்டு. மார்க் போன ஒவ்வொரு இடத்துலயும் மூணுல ஒண்ணு எழுதணும்: "தெரியவே தெரியாது", "தெரியும் ஆனா வரல", "வந்துச்சு ஆனா தப்பாச்சு". கூட்டிப் பார்த்தா தெரியவே தெரியாததுல போனது பதினெட்டு மார்க்தான், அதுவும் பெரும்பாலும் ரெண்டே பாடம், மாறுதிசை மின்னோட்டமும் செமிகண்டக்டரும். தெரிஞ்சும் வராம போனது இருபத்தேழு. வந்தும் தப்பானது பதினாலு. வீட்ல எல்லாரும் சிலபஸ் முடியலன்னு அழுதுட்டு இருந்தாங்க, ஆனா போன மார்க்ல பெரிய பங்கு அவ ஏற்கெனவே படிச்ச இடத்துலதான் போயிருக்கு.

தப்பானதை முதல்ல எடுத்தோம், ஏன்னா அதுதான் சீக்கிரம் சரியாகும். ஒரு கணக்கு சொல்றேன். குழி லென்ஸ், குவிய தூரம் 20 செ.மீ, பொருள் 20 செ.மீ தூரத்துல இருக்கு, பிம்பம் எங்க வரும்னு கேள்வி. சூத்திரம் சரியா எழுதியிருக்கா:

```
1/v - 1/u = 1/f
```

u-க்கு மைனஸ் 20 போட்டவ f-க்கு பிளஸ் 20 போட்டுட்டா, குழி லென்ஸுக்கு f மைனஸ். அவ போட்ட மாதிரி போட்டா 1/v பூஜ்யம் ஆயிடுது, பிம்பம் முடிவிலியிலன்னு எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டா. சரியா போட்டா v மைனஸ் 10, அதாவது லென்ஸுக்கு பொருள் இருக்கிற பக்கமே 10 செ.மீ-ல. எதிர்ல வச்ச நிஜப் பொருளுக்கு குழி லென்ஸ் எப்பவும் அதே பக்கத்துலயே சின்னதா மாயபிம்பம்தான் தரும்னு அவளுக்கு நல்லாவே தெரியும், விடை வந்ததும் அதை வச்சு ஒரு தடவை பார்த்திருந்தா அங்கயே மாட்டியிருக்கும். பதினாலுல ஒம்பது மார்க் இந்த மாதிரி குறியீட்டுத் தப்பு, மிச்சம் அலகு மாத்தாம விட்டது. ஒன்றரை மணி நேரத்துல இதே மாதிரி எட்டு கணக்கு போட்டு, ஒரு தாள்ல தன் தப்பை தன் வார்த்தையில எழுதி வச்சா. எந்த க்ராஷ் கோர்ஸ்லயும் இவளோட இந்தத் தப்பை யாரும் உக்காந்து பார்க்கப் போறதில்ல.

அப்புறம் அந்த இருபத்தேழு. இதுக்குத்தான் வெத்துத்தாள். ஒரு சின்னப் பகுதி மட்டும் பத்து நிமிஷம் படி, உதாரணத்துக்கு யங் இரட்டைப் பிளவு பரிசோதனை. புத்தகத்தை மூடு, கண்ணுக்கே தெரியாத இடத்துல வை. வெத்துத்தாள்ல படம், சூத்திரம், படிநிலை, என்ன வருதோ ஏழெட்டு நிமிஷம் எழுது, முட்டிக்கிட்டு நின்னாலும் புத்தகத்தைத் திறக்காதே, ஏன்னா அந்த முட்டிக்கிட்டு நிக்கிற நேரத்துலதான் மூளை தேடப் பழகுது. அப்புறம் திறந்து, வேற கலர் பேனால ஓட்டையை மட்டும் நிரப்பு. உடனே திரும்ப எழுதாதே, வேற பாடத்துக்குப் போ. ஒரு ஒன்றரை மணி நேரம் கழிச்சு வந்து அந்த ஓட்டைகளை மட்டும் திரும்ப எழுது, தூங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, காலைல எழுந்ததும் ஒரு தடவை. காலைலயும் வந்துடுச்சுன்னா பரீட்சை அன்னிக்கு காலைலயும் வர வாய்ப்பு ரொம்ப அதிகம்.

இது நானா சொல்றது இல்ல. 2006-ல ரோடிகர், கார்பிக்னு ரெண்டு ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பகுதியைக் கொடுத்து, அதையே ஒரு தடவை திரும்பப் படிச்சதையும் பார்க்காம நினைவுல இருந்து எழுதினதையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டப்போ திரும்பப் படிச்சதுதான் முன்னாடி இருந்துச்சு, 81 சதவீதம், எழுதிப் பார்த்தது 75. ரெண்டு நாள் கழிச்சு கேட்டப்போ தலைகீழா ஆயிடுச்சு, எழுதிப் பார்த்தது 68, திரும்பப் படிச்சது 54. நம்மகிட்ட இருக்கிறதும் சரியா ரெண்டு நாள்தான். திரும்பத் திரும்பப் படிக்கிறவங்களுக்கு எல்லாம் தெரியும்னு தைரியம் வர்றதும் அதனாலதான், படிச்ச அஞ்சாவது நிமிஷத்துல அது உண்மை.

இது எங்க தப்பா போகும்னும் சொல்லிடறேன். தாள் அழகா, கோடு போட்டு, கலர் கலரா இருந்துச்சுன்னா அவ பார்த்து எழுதறா. எல்லாமே முதல் தடவையே முழுசா வந்துச்சுன்னா படிச்ச சூட்டோட எழுதியிருக்கா, இடைவெளி பத்தல. இன்னொண்ணு, பழைய கேள்வித்தாள்ல பத்துப் பதினஞ்சு மார்க்தான் வருதுன்னா நினைவுல இருந்து எடுக்க உள்ள ஒண்ணும் இல்லன்னு அர்த்தம், அவங்களுக்கு இந்த முறை அப்படியே ஒத்துவராது, நாலஞ்சு பாடத்தை மட்டும் எடுத்து, போட்டுக் காட்டின கணக்குகளை முதல்ல வரி வரியா புரிஞ்சுக்கிட்டுத்தான் வெத்துத்தாளுக்கு வரணும்.

கடைசியா அந்த பதினெட்டு மார்க். ரெண்டு பாடத்துக்கும் நேரம் கிடையாது, ஒண்ணைத்தான் எடுக்க முடியும், ரெண்டாவது நாள் காலைல மூணு மணி நேரம். பெரியப்பா மாறுதிசை மின்னோட்டம்தான் எடுக்கணும்னார். நான் பொண்ணைக் கேட்டேன், அவ யோசிக்காம செமிகண்டக்டர்னா, சின்ன வயசுல இருந்தே பழைய ரேடியோ, சார்ஜர் எல்லாம் பிரிச்சுப் பார்க்கிறவளாம், டயோடு என்ன பண்ணும்னு கையால பார்த்தவ. அப்போ செமிகண்டக்டர்தான், இதுல நான் இறங்கி வரவே இல்ல. மூணு மணி நேரத்துல ஒரு புதுப் பாடம் உள்ள போகணும்னா மாட்டி வைக்க ஏற்கெனவே ஒரு ஆணி இருக்கணும், அவளுக்கு அது அங்கதான் இருக்கு. மெடிக்கல் சீட் பேச்சு பரீட்சை முடியற வரைக்கும் வீட்ல வேண்டாம்னும் சொன்னேன், முடிஞ்சப்புறம் பேசும்போதும் இந்த சார்ஜர் விஷயத்தை வச்சுத்தான் பேசணும், இவ்ளோ வருஷமா சர்க்யூட்டைப் பிரிக்கிற பொண்ணை யாருமே கேக்காம மெடிக்கல்னு முடிவு பண்ணி வச்சிருக்கீங்க.

ரெண்டாவது நாள் மத்தியானம் இன்னொரு கேள்வித்தாள்ல பாதி மட்டும், ஒன்றரை மணி நேரம், அதே மாதிரி திருத்தணும். சாயங்காலத்துக்கு மேல டீ காபி வேண்டாம், குடிச்ச கஃபீன்ல பாதி உடம்பை விட்டுப் போகவே அஞ்சு மணி நேரம் போல ஆகும். ஒம்பது மணிக்கு புத்தகம் மூடணும், புதுசா எதுவும் கிடையாது. முழிச்சுப் படிச்சா நாலு மணி நேரம் கூடக் கிடைக்குமேன்னு பெரியப்பா கேட்டார். அந்தப் பொண்ணு u-க்கு மைனஸ் போட்டு f-க்கு பிளஸ் போட்டது நல்லா தூங்கி எழுந்த நாள்லங்கய்யா, தூங்காம போனா இன்னும் எத்தனை இடத்துல போடுவாளோ.

அம்மா, உங்களுக்கு ஒரே ஒரு வேலை. ராத்திரி எட்டரைக்கு அவளோட தப்புத் தாளைக் கையில வாங்கிட்டு, அதுல இருந்து ஒவ்வொண்ணா கேளுங்க, "குழி லென்ஸுக்கு f என்ன குறி?"ன்னு. உங்களுக்கு பிசிக்ஸ் தெரிய வேண்டாம், பதில் தாள்லயே இருக்கு. வரலன்னா சொல்லிக் கொடுத்துட்டு ஒரு புள்ளி வைங்க, திட்டாதீங்க. காலைல ஹாலுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அந்தப் புள்ளி வச்சது மட்டும் இன்னொரு தடவை கேட்டுட்டு, தாளை வீட்லயே வச்சிட்டுக் கூட்டிட்டுப் போங்க.