பில் புத்தகத்தில் இருக்கும் முகவரிக்குச் செய்திமடல் அனுப்பலாமா?

தீபாவளிக்கு முன்னால் செய்திமடல் தொடங்க நினைக்கும் கடைக்காரர்களிடமிருந்து வந்த சில கேள்விகள் இவை. மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது யாருக்கும் பெரிய சிக்கலாக இல்லை. யாரைப் பட்டியலில் சேர்ப்பது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் சேலைக்கடை வைத்திருக்கிறோம். பார்சல் விவரம் சொல்ல வாங்கிய மின்னஞ்சல் முகவரிகள் எக்செலில் 640 இருக்கின்றன. அப்படியே ஏற்றிவிடலாமா?

வேண்டாம். முகவரி உங்களிடம் இருக்கிறது, சரி. அதை எதற்காகக் கொடுத்தார்கள்? சேலை எப்போது வந்து சேரும் என்று தெரிந்துகொள்ள. அதே முகவரிக்கு மலிவு விற்பனை விளம்பரம் அனுப்பினால் அது வேறு நோக்கம். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இன்படி அதற்குத் தனியாகச் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதம் பதிவு செய்து வைக்கக்கூடிய வடிவில் இருக்க வேண்டும் என்று 2013 விதிமுறைகள் சொல்கின்றன. "கேட்டோம், சரின்னு சொன்னாங்க" என்பது பதிவு ஆகாது.

அந்த 640-ஐ மூன்றாகப் பிரியுங்கள். "புது டிசைன் வந்தால் சொல்லுங்கள்" என்று வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதிக் கேட்டவர்கள் முதல் கூட்டம். அவர்கள் எழுதிய வரியே பதிவு. தேதியோடு எடுத்து வைத்துக்கொண்டு சேர்க்கலாம். எழுபது பேர் தேறினால்கூட நல்ல தொடக்கம்தான்.

கடந்த ஓராண்டில் வாங்கியவர்கள் இரண்டாம் கூட்டம். இவர்களுக்குத் தனியாக விளம்பர மடல் அனுப்பிச் சம்மதம் கேட்காதீர்கள். சம்மதம் கேட்கும் மடலே விளம்பரமாகிவிடும். தீபாவளிக்கு எப்படியும் கடைக்கு வருவார்கள். பணம் கட்டும் இடத்தில் கியூஆர் அட்டை ஒன்றை வைத்து, "புதுவரவு பற்றி மாதம் ஒரு மடல் வரும், வேண்டுமா?" என்று கேளுங்கள்.

மீதி பழைய முகவரிகள். யாரோ தந்த பெயர் அட்டை, எட்டு வருடத்துக்கு முன் எழுதிய ஆர்டர் போன்றவை. இவற்றை விட்டுவிடுங்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், இவற்றில் பல இப்போது இயங்காது. முதல் மடலே கொத்தாகத் திரும்பி வந்தால் செய்திமடல் சேவை உங்கள் கணக்கை நிறுத்தி வைத்துவிடும்.

பட்டியலை ஏற்றும்போது மெயில்சிம்ப் போன்ற சேவைகள் இவர்கள் எந்த நிலையில் இருப்பவர்கள் என்று கேட்கும். அங்கே `Subscribed` என்று தேர்ந்தெடுத்தால், சம்மதம் வாங்கிவிட்டேன் என்று நீங்களே உறுதி சொல்கிறீர்கள் என்று பொருள். அதனால் ஒவ்வொரு முகவரிக்கும் பக்கத்தில் சம்மதித்த தேதி, இடம் (கடையா, இணையதளமா), அப்போது அவர் படித்த வாசகம் எது என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். "மாதம் ஒரு மடல்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, பிறகு படிவத்தில் "வாரம் ஒரு மடல்" என்று மாற்றினால், பழையவர்கள் எதற்குச் சம்மதித்தார்கள் என்று காட்ட வேறு வழி இல்லை. வாசகத்தை மாற்றும்போதெல்லாம் 1, 2 என்று எண் கொடுத்துவிடுங்கள், போதும்.

இன்னொன்று. தரவை எதற்கு வாங்குகிறோம் என்று சொல்லும் அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தமிழில் எழுதுவது நம் வாடிக்கையாளருக்கு நல்லது. ஆனால் தமிழில் மட்டும் இருந்தால் போதாது.

பிரிக்பீல்ட்ஸில் பலகாரக் கடை. ஆர்டர் படிவத்தில் "விதிமுறைகளையும் செய்திமடலையும் ஏற்கிறேன்" என்று ஒரே பெட்டி இருக்கிறது. அதை டிக் செய்யாமல் ஆர்டர் போக முடியாது. இது சரியா?

சரியில்லை. வேறு விஷயத்தோடு சேர்த்துச் சம்மதம் கேட்டால், அது தனியாகத் தெரியும்படி இருக்க வேண்டும். இரண்டு பெட்டியாகப் பிரியுங்கள். செய்திமடல் பெட்டி காலியாகவும், கட்டாயம் இல்லாததாகவும் இருக்கட்டும். முறுக்கு வாங்க வந்தவர் அதைத் தொடாமலே ஆர்டர் செய்துவிட்டுப் போகலாம். பட்டியல் மெதுவாகத்தான் வளரும், ஆனால் அதில் இருப்பவர்கள் மடலைத் திறந்து படிப்பவர்கள்.

படிவம் நிரப்பியவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அதில் உள்ள இணைப்பை அழுத்தினால் மட்டும் பட்டியலில் சேர்க்கும் இரட்டை உறுதிப்படுத்தல் அவசியமா? உறுதி மின்னஞ்சலைப் பலர் அழுத்துவதே இல்லை, ஆட்கள் குறைகிறார்கள்.

நம் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. இணையதளப் படிவத்துக்கு நான் அதைப் போடத்தான் சொல்வேன். திறந்து கிடக்கும் படிவத்தில் தானியங்கி நிரல்கள் கண்ட முகவரிகளையும் நிரப்பும். யாரோ ஒருவர் இன்னொருவரின் முகவரியைப் போட்டுவிட்டும் போகலாம். உறுதி இணைப்பை அழுத்தியவர் அந்தப் பெட்டியைத் திறக்கக்கூடியவர் என்பதற்கு நாள், நேரத்தோடு பதிவு கிடைக்கிறது. ஆட்கள் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் அந்த மின்னஞ்சல் ஸ்பாமில் கிடப்பது, அல்லது தலைப்பில் கடைப் பெயரே இல்லாமல் இருப்பது. இரண்டையும் முதலில் பாருங்கள். படிவம் நிரப்பியதும் வரும் பக்கத்தில் "ஸ்பாமிலும் தேடுங்கள்" என்று ஒரு வரி சேருங்கள்.

கடையில் நேரடியாக வாங்கும்போது வாடிக்கையாளரையே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். நாம் காதில் வாங்கி எழுதினால் ஜிமெயில் "gmial" ஆகிவிடும்.

கோலாலம்பூரில் நகைப் பழுதுபார்ப்புக் கடை. ஒருவர் விலகிவிட்டார். நாங்களும் அவரைப் பட்டியலிலிருந்து அழித்துவிட்டோம். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் மடல் போய், கோபமாக எழுதியிருக்கிறார். எப்படி நடந்தது?

அழித்ததால்தான் நடந்திருக்கும். ஒருவர் விலகினால் சேவை அவர் முகவரியை "விலகியவர்" என்று குறித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குறி இருக்கும்வரை, பழைய எக்செலை மீண்டும் ஏற்றினாலும் அவருக்கு மடல் போகாது. நீங்கள் முகவரியை முழுதாக அழித்தபோது அந்தக் குறியும் போயிருக்கலாம். அப்புறம் யாரோ பழைய கோப்பை ஏற்ற, அவர் புது ஆளாக உள்ளே வந்துவிட்டார்.

விலகியவர்களை அழிக்காதீர்கள், அப்படியே விடுங்கள். யாராவது "என் விவரம் எல்லாவற்றையும் நீக்குங்கள்" என்று கேட்டால் பெயர், தொலைபேசி எண் போன்றவற்றை நீக்கிவிட்டு, மறுபடி அனுப்பாமல் இருக்க முகவரியை மட்டும் தடுப்புப் பட்டியலில் வைத்திருப்பதாக அவருக்குச் சொல்லுங்கள். கடைக் கணினியில் இருக்கும் பழைய எக்செல் பிரதிகளையும் தேடி ஒழியுங்கள். சேவையில் இருக்கும் பட்டியல் ஒன்றுதான் பட்டியல் என்று ஊழியர்களுக்கும் தெரிய வேண்டும்.

இதை அலட்சியமாக விட வேண்டாம். நேரடி விளம்பரத்தை நிறுத்தும்படி எழுத்தில் கேட்கும் உரிமையைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு தருகிறது. அவருக்கு மன்னிப்புக் கேட்டு இன்றைக்கே பதில் போடுங்கள். நிறுத்திய தேதியும் அதில் இருக்கட்டும்.

கடையின் ஜிமெயில் முகவரியிலிருந்தே செய்திமடல் சேவை வழியாக அனுப்புகிறேன். பாதிப் பேருக்கு ஸ்பாமில் போகிறது.

ஜிமெயில் முகவரியைப் போட்டு வேறு சர்வரிலிருந்து அனுப்பினால், பெறும் பக்கத்துக்கு அது ஆள்மாறாட்டம் போலத் தெரியும். சொந்த டொமைன் வாங்கி, மடல் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்ட, சேவை தரும் SPF, DKIM பதிவுகளை டொமைன் வாங்கிய இடத்தில் சேருங்கள். பிறகு உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு மடல் அனுப்பி, `Show original` என்பதைத் திறந்து பாருங்கள். இரண்டுக்கும் எதிரே `PASS` இருக்க வேண்டும். விலகும் இணைப்பையும் கண்ணில் படும்படி வையுங்கள். இணைப்பு கிடைக்காதவர் ஸ்பாம் பொத்தானை அழுத்துவார். புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்கிறது கூகுள்; ஆயிரம் மடலுக்கு மூன்று பேர், அவ்வளவுதான்.

பினாங்கில் கல்யாண கேட்டரிங் செய்கிறோம். தோழி புகைப்பட ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். எங்கள் பட்டியலை அவளுக்குக் கொடுக்கலாமா?

கூடாது. அவர்கள் சம்மதித்தது உங்களிடமிருந்து மடல் பெற. உங்கள் அடுத்த மடலில் தோழியின் ஸ்டூடியோவைப் பற்றி நான்கு வரி எழுதி, அவளுடைய சொந்தப் பதிவுப் படிவத்துக்கு இணைப்பு கொடுங்கள். வேண்டியவர்கள் அங்கே போய்ச் சேர்ந்துகொள்வார்கள்.